இணையக் கடைக்குப் பின்னால் இருப்பவர் யார்?

இணையக் கடையில் நம் கண் முதலில் போவது படத்துக்கு. பிறகு விலை, தள்ளுபடி, முன்பு வாங்கியவர்கள் கொடுத்த நட்சத்திரங்கள். பக்கத்தை அடிவரை தள்ளி, அங்கே சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது என்று படிப்பவர்கள் மிகச் சிலர். வாங்கிய பொருள் சரியாக வந்துவிட்டால் அந்த எழுத்துகளால் எந்தப் பயனும் இல்லை. சரியாக வராதபோது, அவற்றைத் தவிர வேறு எதுவும் உதவாது.

திருநெல்வேலியில் இருக்கும் ஒருவர், ஃபேஸ்புக்கில் வந்த விளம்பரத்தைப் பார்த்து 6,800 ரூபாய்க்கு அசல் பட்டு என்று ஒரு சேலை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பணத்தை யுபிஐ வழியாக முன்கூட்டியே கட்டிவிட்டார். வந்தது பாலியஸ்டர். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புகிறார். நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. மூன்றாம் நாள் அந்த எண்ணே அவரைத் தடுத்துவிடுகிறது. இப்போது அவர் கையில் என்ன இருக்கிறது? தளத்தின் பெயர் இருக்கிறது. அழகான ஒரு லோகோ இருக்கிறது. ஆனால் தளத்தின் பெயர்மீது யாரும் வழக்குப் போட முடியாது. லோகோவுக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பவும் முடியாது. அதற்குச் சட்டம் அறிந்த ஒரு பெயர் வேண்டும், தபால்காரர் போய்ச் சேரக்கூடிய ஒரு முகவரி வேண்டும்.

தெருவில் இருக்கும் ஜவுளிக்கடையில் இந்தச் சிக்கல் இல்லை. பில் தொலைந்து போனாலும் கடை அங்கேயேதான் இருக்கும். மறுநாள் சேலையை எடுத்துக்கொண்டு போய்க் கல்லாவுக்கு முன்னால் நிற்கலாம். ஜிஎஸ்டி பதிவு பெற்ற கடை தன் பதிவு எண்ணை வாசல் பெயர்ப்பலகையில் எழுத வேண்டும், பதிவுச் சான்றிதழைப் பார்வையில் படும்படி மாட்ட வேண்டும் என்றுகூட விதி இருக்கிறது. இணையக் கடைக்கு வாசலும் இல்லை, பலகையும் இல்லை. அதனால்தான் அந்த விவரங்களைத் தளத்திலேயே போடச் சொல்லி இந்தியாவில் தனியாகச் சட்டம் எழுத வேண்டியிருந்தது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2020 ஜூலையில் மின்வணிகத்துக்கான விதிகள் வந்தன. அவற்றின் நான்காம் விதிதான் இங்கே முக்கியம். இணையத்தில் விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் சட்டப்பூர்வப் பெயர், தலைமை அலுவலகம், கிளைகள் ஆகியவற்றின் முகவரி, தளத்தைப் பற்றிய விவரம், வாடிக்கையாளர் சேவையின் மின்னஞ்சல், தொலைபேசி எண்கள் ஆகியவற்றைத் தெளிவாக, எளிதில் கண்ணில் படும்படி காட்ட வேண்டும். அதோடு ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவருடைய பெயர், பதவி, தொடர்பு விவரம் மூன்றையும் தளத்தில் போட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் ‘கிடைத்தது’ என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும்.

இது அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற பெரிய தளங்களுக்கு மட்டும்தானே என்று பல சிறு வியாபாரிகள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இணைய விற்பனைக்கான தளத்தை வைத்திருப்பவர், நடத்துபவர் யாராக இருந்தாலும் விதி அவரைக் கட்டும். சின்னாளப்பட்டியிலிருந்து சொந்தத் தளத்தில் சேலை விற்கும் தனிநபரும் அதில் அடக்கம். தன் பழைய சைக்கிளை ஒரே ஒரு முறை விற்பவரைப் போல, தொழிலாக இல்லாமல் சொந்த முறையில் செய்பவருக்குத்தான் விலக்கு. விற்பனை எவ்வளவு குறைவு என்பதை வைத்து விலக்கு எதுவும் கிடையாது.

விற்பவர் ஒரு கம்பெனியாக இருந்தால் இன்னொரு சட்டமும் சேர்ந்துகொள்கிறது. கம்பெனிகள் பதிவு விதிகளில் 26ஆம் விதி, இணையதளம் வைத்திருக்கும் ஒவ்வொரு கம்பெனியும் தன் பெயர், பதிவு அலுவலக முகவரி, சிஐஎன் எனப்படும் நிறுவன அடையாள எண், தொலைபேசி, மின்னஞ்சல், குறை இருந்தால் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயர் ஆகியவற்றைத் தளத்தின் முகப்புப் பக்கத்திலேயே வெளியிட வேண்டும் என்கிறது. ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்துக்குள் போய், அங்கிருந்து ‘விதிமுறைகள்’ என்பதைச் சொடுக்கி, பதினேழாம் பத்தியில் தேடிப் பிடிப்பதை இந்த விதி ஏற்காது.

சரி, திருநெல்வேலிக்காரர் பணம் கட்டுவதற்கு முன்பே தளத்தின் அடியைப் பார்த்திருந்தால் என்ன கண்டுபிடித்திருக்கலாம்? அங்கே ஒரு ஜிஎஸ்டி எண் இருந்ததாக வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக இங்கே உருவாக்கிய எண்:

```
33ABCPK0000D1ZU
```

பதினைந்து எழுத்துகள். பார்த்தால் குழப்பமாகத் தெரியும், ஆனால் பிரித்துப் படிக்கலாம். முதல் இரண்டு இலக்கம் மாநிலம். 33 என்றால் தமிழ்நாடு. அடுத்த பத்து எழுத்தும் உரிமையாளரின் பான் எண். அந்தப் பானின் நான்காவது எழுத்து, அதாவது முழு எண்ணில் ஆறாவது எழுத்து, நிறையச் சொல்லும்: P என்றால் தனிமனிதர், C என்றால் கம்பெனி, F என்றால் கூட்டு நிறுவனம். இங்கே P இருக்கிறது. அப்படியானால் தளத்தில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று போட்டிருந்தால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். 13ஆவது எழுத்து, அதே மாநிலத்தில் அதே பானுக்குக் கொடுத்த எத்தனையாவது பதிவு என்பதைக் காட்டும். கடைசி எழுத்து ஒரு சோதனை எழுத்து. முன்னால் இருக்கும் பதினான்கையும் வைத்துக் கணக்கிட்டு வருவது அது. யாராவது வாய்க்கு வந்த எண்ணைப் போட்டால், பெரும்பாலும் அந்தக் கணக்கு பொருந்தாது.

கணக்கெல்லாம் வாங்குபவர் போட வேண்டியதில்லை. gst.gov.in தளத்தில் `Search Taxpayer` என்ற பகுதி இருக்கிறது. கணக்கு தொடங்காமலே யாரும் பயன்படுத்தலாம். எண்ணையும் படத்தில் தெரியும் எழுத்துகளையும் தட்டினால், உரிமையாளரின் சட்டப்பூர்வப் பெயர், வணிகப் பெயர், பதிவு தொடங்கிய தேதி, தொழிலின் அமைப்பு, முதன்மை இடத்தின் முகவரி, பதிவு இப்போது நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்பது வரை வரும். ‘மூன்று தலைமுறையாக’ என்று விளம்பரம் செய்யும் கடையின் பதிவு போன மாதம்தான் தொடங்கியிருக்கிறது என்றால் அதற்கு நியாயமான காரணமும் இருக்கலாம். ஆனால் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டுவதற்கு முன் ஒரு ஃபோன் போட்டுக் கேட்க அது போதும்.

கம்பெனியின் சிஐஎன் எண்ணையும் இப்படிப் படிக்கலாம். அதில் 21 எழுத்துகள். முதலில் L இருந்தால் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி, U என்றால் பட்டியலில் இல்லாதது. நடுவில் வரும் இரண்டு எழுத்து மாநிலம், TN என்றால் தமிழ்நாடு. அதை அடுத்த நான்கு இலக்கம் கம்பெனி பதிவான ஆண்டு. mca.gov.in தளத்தில் கம்பெனியின் அடிப்படை விவரத்தைப் பார்க்க முடியும்.

ஆனால் இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. எண் உண்மையானது என்பதால் கடை உண்மையானது ஆகிவிடாது. ஏமாற்றுபவர்கள் எண்ணைக் கற்பனையாக எழுதிச் சிரமப்பட வேண்டியதில்லை. நேர்மையாகத் தொழில் செய்யும் யாரோ ஒருவருடைய தளத்திலிருந்தோ பில்லிலிருந்தோ எடுத்து ஒட்டிவிட்டால் போதும். சோதனை எழுத்து சரியாகப் பொருந்தும், அரசுத் தளத்திலும் ‘நடப்பில் உள்ளது’ என்றே வரும். அதனால் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடைவது ஆபத்து. பார்க்க வேண்டியது பொருத்தம்.

பொருத்தம் என்றால் மூன்று இடங்களில் ஒரே ஆள் தெரிகிறாரா என்பதுதான். அரசுத் தளத்தில் வரும் பெயர், கடையின் தளத்தில் போட்டிருக்கும் பெயர், பணம் கட்டும்போது யுபிஐ செயலி காட்டும் கணக்குப் பெயர். இந்த மூன்றாவதைத்தான் மக்கள் கவனிக்காமல் ரகசிய எண்ணைத் தட்டிவிடுகிறார்கள். தளத்தில் காஞ்சிபுரத்துக் கூட்டு நிறுவனம், ஜிஎஸ்டி தளத்தில் அதே பெயர், ஆனால் பணம் போவது எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு தனிமனிதரின் சேமிப்புக் கணக்குக்கு என்றால், அந்த எண் யாருடையதோ. தனி உரிமையாளர் நடத்தும் கடையில் கடைப் பெயருக்குப் பதிலாக அவருடைய சொந்தப் பெயர் கணக்கில் வருவது சாதாரணம்தான். அந்தப் பெயர் ஜிஎஸ்டி தளத்தின் சட்டப்பூர்வப் பெயரோடு ஒத்துப்போனால் கவலை வேண்டாம். இன்னும் உறுதி வேண்டுமென்றால், தளத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, அந்த நிறுவனத்துக்கு வேறு வழியில் கிடைக்கும் தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு, “இந்தத் தளம் உங்களுடையதா?” என்று கேட்பதே நல்ல சோதனை.

பெயரைத் திருடுவது சிறு கடைகளுக்கு மட்டும் நடக்கும் விஷயம் அல்ல. டாபர் நிறுவனம் தன் பெயரை வைத்துப் போலித் தளங்கள் நடப்பதாக டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கில் எதிர்மனுதாரரின் பெயர் ‘அசோக் குமார்’. அது எந்த மனிதருடைய பெயரும் இல்லை. தவறு செய்தவர் யாரென்றே தெரியாதபோது இந்திய நீதிமன்றங்களில் வழக்கைத் தொடங்கப் போடும் பெயர் அது. தளத்தின் பெயரைப் பதிவு செய்தவர் தன் விவரத்தை மறைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. பணமும் வழக்கறிஞர்களும் உள்ள பெரிய நிறுவனமே அந்தத் திரையை விலக்க உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது. 6,800 ரூபாய்ச் சேலைக்காக யாரும் அங்கே போக மாட்டார்கள். விவரம் முன்கூட்டியே வெளியே இருக்க வேண்டும் என்று சட்டம் வற்புறுத்துவதன் காரணம் இங்கே விளங்கும்.

எல்லாக் கடைக்கும் ஜிஎஸ்டி எண் இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவர், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, பொதுவாகப் பதிவு செய்யத் தேவையில்லை. எனவே வீட்டில் பொடி இடித்து விற்கும் ஒருவரின் தளத்தில் ஜிஎஸ்டி எண் இல்லை என்பதற்காக அவரைச் சந்தேகிப்பது நியாயமாகாது. உணவுப் பொருள் என்பதால் அவரிடம் பார்க்க வேண்டியது எஃப்எஸ்எஸ்ஏஐ அமைப்பு கொடுக்கும் 14 இலக்க எண். மாநில எல்லை தாண்டிப் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் அனுப்பத் தொடங்கினால் கதை மாறும். சில கைவினைப் பொருள்களுக்கு இருக்கும் விலக்கைத் தவிர, விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பொருள் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ‘இந்தியா முழுவதும் டெலிவரி’ என்று எழுதிவிட்டு ஜிஎஸ்டி எண் கேட்டால் மழுப்பும் ஜவுளித் தளத்தைக் கேள்வி கேட்கலாம். எந்த எண்ணும் தேவைப்படாத சிறு விற்பனையாளருக்கும் பெயரும் முகவரியும் மட்டும் தப்பாது.

அந்த முகவரிதான் பலரைத் தயங்க வைக்கிறது. வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் நிறையப் பேர். தளத்தில் முகவரி போட வேண்டும் என்றால், வீட்டுக் கதவு எண்ணை உலகத்துக்கே சொல்வதுதான். கைபேசி எண்ணைப் போட்டால் இரவு பதினொரு மணிக்குத் தேவையில்லாத அழைப்புகள் வரும். இந்தப் பயத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. சட்டத்தை எழுதியவர்கள் ஒரு பெரிய நிறுவனத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். தலைமை அலுவலகம், கிளைகள், ஃபேக்ஸ் எண் என்று அந்த விதி பேசும் மொழியே அதைக் காட்டுகிறது. சரிபார்க்கப்பட்ட ஒரு பொது முகவரியைச் சிறு விற்பனையாளர்கள் பகிர்ந்து பயன்படுத்தவும், வீட்டு முகவரி அரசிடம் மட்டும் இருக்கவும் வழி செய்திருக்கலாம். அப்படி ஒரு ஏற்பாடு விதியில் இல்லை.

அதுவரை நடைமுறையில் செய்யக்கூடியது சில உண்டு. தொழிலுக்கென்று தனி சிம் வாங்கி அந்த எண்ணை மட்டும் போடலாம், அழைக்கும் நேரத்தையும் கூடவே எழுதலாம். குடும்பத்தார் யாருக்காவது கடையோ பட்டறையோ இருந்தால், முறையான சம்மதக் கடிதத்தோடு அதைத் தொழிலின் முதன்மை இடமாகப் பதிவு செய்து, அந்த முகவரியையே வெளியிடலாம். விதி கேட்பது இருப்பிட முகவரி என்பதால் தபால் பெட்டி எண் போதாது. வாடகைக்குக் கிடைக்கும் பெயரளவு அலுவலக முகவரிகளில் கவனம் தேவை. ஜிஎஸ்டி அதிகாரிகள் நேரில் வந்து பார்க்கும்போது அங்கே தொழில் நடக்கும் அடையாளமே இல்லை என்றால் பதிவே சிக்கலாகிவிடும். ஜிஎஸ்டி பதிவு வாங்கியவர் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும்: பதிவில் கொடுத்த முதன்மை இடத்தின் முகவரி அரசுத் தளத்தில் எப்படியும் யார் பார்வைக்கும் திறந்திருக்கிறது. தளத்தில் மறைப்பதால் அது மறைந்துவிடாது.

வெளியிடக் கூடாததும் இருக்கிறது. சிலர் நம்பிக்கை வரட்டும் என்று ஆதார் அட்டையையும் ஜிஎஸ்டி சான்றிதழையும் படம் எடுத்தே போட்டுவிடுகிறார்கள். விதி அப்படிக் கேட்கவில்லை. அந்தப் படங்களைத்தான் போலித் தளங்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. எண்ணை எழுத்தில் போட்டால் போதும்.

குறைதீர் அலுவலர் என்ற சொல்லும் சிறு கடைக்காரர்களை மிரட்டுகிறது. தனியாக ஓர் ஆளை வேலைக்கு வைக்க வேண்டுமோ என்று பயப்படுகிறார்கள். தனி ஒருவர் நடத்தும் கடையில் உரிமையாளரே அந்தப் பொறுப்பை ஏற்கலாம். முக்கியம், ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும் என்பதுதான். ‘உதவிக்குழு’ என்று எழுதி ஒரு படிவத்தை மட்டும் வைத்தால், புகார் கொடுத்தவரிடம் அனுப்பியதற்கான சாட்சிகூட மிஞ்சாது. 48 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதை அவர் எப்படிக் காட்டுவார்? சின்னக் கடையின் தளத்தின் அடியில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

```
விற்பவர்: (உரிமையாளர் பெயர்), உரிமையாளர், (கடைப் பெயர்)
முகவரி: (கதவு எண், தெரு, ஊர், பின்கோடு)
ஜிஎஸ்டி எண்: (இருந்தால்)
வாடிக்கையாளர் சேவை: (தொலைபேசி, மின்னஞ்சல், நேரம்)
குறைதீர் அலுவலர்: (பெயர், பதவி, தொலைபேசி, மின்னஞ்சல்)
```

முதல் வரியில் உரிமையாளரின் பெயர் கடைப் பெயருக்கு முன்னால் நிற்பதற்குக் காரணம் உண்டு. தனி உரிமையாளர் கடையின் பெயருக்குச் சட்டத்தில் தனி உயிர் கிடையாது. பொறுப்பு முழுவதும் அந்த மனிதருடையது. புகார் எழுதுபவர் கடைப் பெயரை மட்டும் போட்டால், “யார் அது?” என்ற கேள்வியில் சில வாரங்கள் வீணாகும்.

மீண்டும் பாலியஸ்டர் சேலைக்கு வருவோம். இந்த விவரங்கள் கையில் இருந்தால், வாங்கியவர் முதலில் குறைதீர் அலுவலருக்கு ஆர்டர் எண், பணம் கட்டிய ரசீது, தளத்தில் ‘அசல் பட்டு’ என்று இருந்த பக்கத்தின் படம், வந்த சேலையின் படம் ஆகியவற்றோடு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். தளத்தின் பக்கத்தையும் அடியில் இருக்கும் விவரத்தையும் ஆர்டர் போடும் அன்றே படம் எடுத்து வைப்பது நல்லது. தகராறு வந்த பிறகு அந்தப் பக்கங்கள் மாறிவிடும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிச் சமரசம் செய்ய முயல்வார்கள். பணத்தைக் கொடு என்று உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

அந்த அதிகாரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு இருக்கிறது. 2019 சட்டம் தந்த பெரிய வசதி, விற்பவர் சூரத்தில் இருந்தாலும் வாங்கியவர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்பது. பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இணையம் வழியாகவும் மனு கொடுக்கலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆணையம் மனுவை ஏற்றால் எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போகும்; அவர் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் 15 நாள் வரை கூடுதலாகக் கிடைக்கலாம். மனுவில் எதிர்தரப்பின் பெயரும் முகவரியும் எழுதும் இடம்தான் பலர் நின்றுபோகும் இடம். அங்கே எழுத எதுவும் இல்லாமல் தளத்தின் பெயரையும் ஒரு கைபேசி எண்ணையும் எழுதுகிறார்கள். முகவரி தவறாக இருந்தால் நோட்டீஸ் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்ற குறிப்போடு திரும்பி வரும்.

பெரிய சந்தைத் தளங்களில் வாங்கியவருக்கு இந்த இடத்தில் கொஞ்சம் வசதி அதிகம். அங்கே விற்பவர் வேறு, தளம் வேறு. விற்பவரின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவை எண் ஆகியவற்றைத் தளம் காட்ட வேண்டும். அது போதாதபோது, பொருள் வாங்கிய பிறகு எழுத்து மூலம் கேட்டால், விற்பவரின் தலைமை அலுவலக முகவரி, மின்னஞ்சல் போன்ற விவரங்களைத் தளம் தர வேண்டும் என்று ஐந்தாம் விதி சொல்கிறது. இந்த உரிமையைப் பயன்படுத்துபவர்கள் அரிது. வாடிக்கையாளர் சேவையின் சாட் பெட்டியில் கேட்டால் மனப்பாடமான பதில்தான் வரும். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கே மின்னஞ்சலில், விதியின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

தளத்தில் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை, இருந்த எண்ணும் வேறொருவருடையது என்று தெரிந்துவிட்டால், அது நுகர்வோர் தகராறு என்ற எல்லையைத் தாண்டிய மோசடி. அப்போது குறைதீர் அலுவலரின் பதிலுக்காக ஒரு மாதம் காத்திருப்பது தவறு. சைபர் குற்ற உதவி எண் 1930 அல்லது cybercrime.gov.in தளத்தில் உடனே புகார் செய்ய வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன் தகவல் வங்கிக்குப் போனால்தான் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. தன் ஜிஎஸ்டி எண் ஏதோ ஒரு தளத்தில் ஒட்டப்பட்டிருப்பதைப் பார்க்கும் நேர்மையான வியாபாரியும் அதே இடத்தில் புகார் கொடுத்து, ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். ஏமாந்தவர்களின் அழைப்பும் நோட்டீஸும் முதலில் அவருடைய வாசலுக்குத்தான் வரும்.